ஒரு கார், ஒரு ஸ்கூட்டர், கிலோவுக்கு 9 ரூபா: 13 பேர் ஆபீஸ்ல ஒரு வதந்தி வளந்த கதை, அத அடக்குன விதம்

திருப்பூர்ல சின்ன எக்ஸ்போர்ட் ஆபீஸ்களுக்கு வெளிய இருந்து ஹெச்ஆர் வேலை பாத்துக் குடுக்கறேன். பிஎஃப், ஈஎஸ்ஐ, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பையர் ஆடிட் வந்தா ஃபைல் ரெடி பண்றது, இதெல்லாம். அதுல ஒரு ஆபீஸ்ல நடந்தது இது. சம்பந்தப்பட்டவங்ககிட்ட கேட்டுட்டு தான் எழுதறேன், ஆள் தெரியற விவரம் எல்லாம் எடுத்துட்டேன்.

மொத்தம் 13 பேர். ஓனர், ரெண்டு மெர்ச்சன்டைசர், அவங்களுக்குக் கீழ ஜூனியர் பசங்க, பொண்ணுங்க, ஒரு அக்கவுன்டன்ட், ஒரு பேப்ரிக் இன்சார்ஜ், தரம் செக் பண்ற க்யூசி மூணு பேர், டிரைவர், டீ குடுத்து கூட்டிப் பெருக்கற அம்மா. சீனியர் மெர்ச்சன்டைசர் ஒரு லேடி, எல்லாரும் அவங்கள அக்கான்னு தான் கூப்பிடுவாங்க, நானும் அப்படியே எழுதறேன். துணிக்கு சாயம் போட்டுக் குடுக்கற எடத்த டையிங்னு சொல்லுவோம். அவங்களப் பத்தி கிளம்புன பேச்சு இது: "அக்கா டையிங்காரர்கிட்ட கமிஷன் வாங்கறாங்க, அவருக்கும் அக்காவுக்கும் வேற பழக்கமும் இருக்கு."

இந்த ஊர்ல மெர்ச்சன்டைசர் மேல கமிஷன்னு ஒரு வார்த்தை விழுந்தா அவங்க பொழப்பே போச்சு. எந்த ஜாப் ஒர்க் யாருக்குப் போகணும், என்ன ரேட்டுக்குப் போகணும்னு சொல்ற எடத்துல அவங்க தான் இருக்காங்க, அந்த எடத்துல இருந்து நெசமாவே காசு பாக்கறவங்களும் உண்டு, அதனால கேக்கறவன் யாரும் "சே, இருக்காது"ன்னு சொல்றதில்ல, "இருந்தாலும் இருக்கும்"னு தான் சொல்லுவான்.

நான் உள்ள வரும்போது பேச்சு கிளம்பி ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு. அக்காவுக்கே லேட்டா தான் தெரிஞ்சிருக்கு. மொதல்ல நேரா யாரும் சொல்லல, வேலை தான் மாறுச்சு. அவங்க போட்ட டையிங் பில்லுக்கு மட்டும் அக்கவுன்டன்ட் ரெண்டு கொட்டேஷன் எக்ஸ்ட்ரா கேட்டாரு, இன்னொரு மெர்ச்சன்டைசர் பில் எல்லாம் எப்பவும் போல பாஸ் ஆச்சு. மதியம் சாப்பாட்டுக்குக் கூட உக்கார்ற க்யூசி பையன் "கார்மென்ட்ஸ்ல இருக்கேன்க்கா"ன்னு சொல்லிட்டு தனியா சாப்பிட ஆரம்பிச்சான். அப்பறம் ஒரு நாள் நூல் சப்ளையர் ஒருத்தர் ரேட் பேச போன் பண்ணவரு, "ஏனுங்க, ஆபீஸ் மாறறீங்களாமே?"ன்னு கேட்டிருக்காரு. அப்ப தான் அவங்களுக்கு தூக்கிவாரிப் போட்டிருக்கு, விஷயம் ஆபீஸ தாண்டி வெளிய போயிருச்சுன்னு.

சின்ன ஆபீஸ்ல இத கண்டுபிடிக்க நல்ல வழி இது தான்னு நான் சொல்லுவேன். நாம உள்ள போனா பேச்சு நின்னுதான்னு பாக்காதீங்க, அது நம்ம கற்பனையா கூட இருக்கலாம். ஒரே வேலைக்கு நமக்கு ஒரு ரூல், பக்கத்து சீட்டுக்கு ஒரு ரூல்னு எப்ப ஆகுதோ, அத தேதி போட்டு காட்ட முடியும், அது கற்பனை இல்ல.

சரி, இந்தப் பேச்சு எதுல இருந்து கட்டுனாங்கன்னு பிரிச்சுப் பாத்தா மூணு விஷயம். ஒண்ணு, நேவி கலருக்கு பழைய டையிங்க விட்டுட்டு புது டையிங்குக்கு மாத்துனாங்க, அங்க கிலோவுக்கு 9 ரூபா கூட. ரெண்டு, ஒரு நாள் ராத்திரி 8 மணி வாக்குல அக்கா அந்த புது டையிங் ஓனர் கார்ல ஏறிப் போனத டிரைவர் பாத்திருக்காரு. மூணு, அடுத்த மாசமே அக்கா புது ஸ்கூட்டர் எடுத்தாங்க.

கவனிச்சீங்கன்னா இந்த மூணுமே உண்மை. யாரும் ஒரு பொய் கூட சொல்லல. ரேட்ட பாத்தது அக்கவுன்டன்ட், கார பாத்தது டிரைவர், ஸ்கூட்டர எல்லாரும் பாத்தாங்க, மூணையும் ஒண்ணா சேத்து ஒட்டுனது மட்டும் தான் பொய், அந்த ஒட்டு வேலைய ஒரு ஆள் பண்ணல, டீ டைம்ல ஆளுக்குக் கொஞ்சமா சேந்து பண்ணிருக்காங்க. இதனால தான் "இதெல்லாம் பொய்"னு மொட்டையா மறுத்தா எடுபடாது. கார கண்ணால பாத்தவன்கிட்ட போயி பொய்னு சொன்னா, அவன் பாத்தத நாம இல்லைங்கறோம்னு தான் எடுத்துக்குவான், அதோட நம்ம மேல மிச்சம் இருந்த நம்பிக்கையும் போயிரும்.

வதந்தி பத்தி ஆராய்ச்சி பண்ணவங்கள்ல ஆல்போர்ட், போஸ்ட்மன்னு ரெண்டு அமெரிக்க உளவியல்காரங்க 1947ல சொன்ன ஒரு கணக்கு இங்க அப்படியே பொருந்தும். ஒரு விஷயம் கேக்கறவங்களுக்கு எவ்வளவு முக்கியமோ, அதுல எவ்வளவு தெளிவில்லாம இருக்கோ, ரெண்டையும் பெருக்கினா வர்ற அளவுக்கு வதந்தி ஓடும்னாங்க. பெருக்கல்ங்கறது தான் இதுல விஷயம், ரெண்டுல ஒண்ணு பூஜ்யம் ஆனா மொத்தமும் பூஜ்யம். இந்த ஆபீஸ்ல கமிஷன்ங்கறது எல்லாருக்கும் முக்கியம், ஏன்னா அந்த வருஷம் இன்க்ரிமென்ட் தள்ளிப் போயிருந்துச்சு, "காசு எங்கயோ லீக் ஆகுது"ன்னு நெனைக்க எல்லாருக்கும் காரணம் இருந்துச்சு. அத நம்மளால மாத்த முடியாது. தெளிவில்லாம இருந்தது எது? ரேட் ஏன் கூடுச்சு, கார்ல ஏன் போனாங்க. இந்த ரெண்டுக்கும் பதில் ஓனருக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும், மிச்சம் 11 பேருக்குத் தெரியாது. நாம வேலை செய்ய வேண்டிய எடம் அது தான்.

பதில் ரொம்ப சாதாரணம். பழைய டையிங்ல நேவி ரப்பிங் டெஸ்ட்ல ஃபெயில் ஆச்சு, அதாவது ஈரத் துணிய வெச்சு தேச்சா கலர் ஒட்டுது. 400 கிலோ லாட் மறுபடி சாயம் போட ரீபிராசஸ் போயி வர்றதுக்குள்ள நாள் ஓடிருச்சு, கப்பல்ல போக வேண்டிய சரக்குல 1,200 பீஸ் பிளேன்ல போச்சு, அந்த செலவு 72,000 ரூபா ஓனர் தலையில. அதுக்கப்பறம் தான் ஓனரும் அக்காவும் பேசி அடுத்த ஆர்டர் நேவி 2,400 கிலோவ புது டையிங்குக்குக் குடுத்தாங்க. கிலோவுக்கு 9 ரூபான்னா கூடுதல் 21,600. கார் மேட்டர் என்னன்னா, மொத லாட்டோட ஷேடு ஏற்கனவே அப்ரூவல் ஆன கலரோட ஒத்துப் போகுதான்னு அன்னிக்கே பாத்தாகணும், இல்லன்னா அடுத்த லாட் ஏத்த முடியாது, ஆபீஸ் வண்டி ஷிப்மென்ட்டுக்குப் போயிருந்துச்சு, ஓனரே போன்ல "அவரு இந்தப் பக்கம் தான் இருக்காரு, கூடவே போயி லைட் பாக்ஸ்ல பாத்துட்டு வந்துருங்க"ன்னு சொல்லிருக்காரு. ஸ்கூட்டர் சீட்டுப் பணத்துல எடுத்தது.

அக்கா மொதல்ல செஞ்சதுல ஒண்ணு தப்பா போச்சு. ஒரு ஜூனியர் பொண்ண தனியா கூப்பிட்டு "யாரு இத சொல்றது, நீ சொன்னியா?"ன்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு பயந்து அழுதுருச்சு, சாயங்காலத்துக்குள்ள "அக்கா மிரட்டறாங்க"ன்னு அது ஒரு புது செய்தி ஆயிருச்சு. இது எல்லா ஆபீஸ்லயும் நடக்கறது தான். யாரு ஆரம்பிச்சாங்கன்னு தேடிப் போறப்ப, கேக்கற ஒவ்வொரு கேள்வியும் அந்தப் பேச்ச இன்னொரு ஆளுக்கு எடுத்துட்டுப் போகுது, அதுவரைக்கும் கேள்விப்படாதவங்களுக்கும் நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி ஆகுது. 13 பேர்ல ஆரம்பிச்ச ஆள் கெடச்சா மட்டும் என்ன, அவரு "நான் ரேட் கூடன்னு மட்டும் தான் சொன்னேன்"ம்பாரு, அது உண்மையாவும் இருக்கும். இன்னிக்கு வரைக்கும் மூணையும் மொதல்ல ஒட்டுன ஆள் யாருன்னு எங்களுக்குத் தெரியாது, அது தெரியாமலே காரியம் முடிஞ்சுது.

ரெண்டாவது ஒண்ணு செய்ய இருந்தாங்க, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல போடறதுக்கு நீளமா ஒரு மெசேஜ் டைப் பண்ணி வெச்சிருந்தாங்க. "என்னப் பத்தி முதுகுக்குப் பின்னாடி பேசறவங்களுக்கு"ன்னு ஆரம்பிக்கும். எனக்குக் காட்டுனப்ப வேண்டாம்னு கெஞ்சாத கொறையா சொன்னேன். அந்த குரூப்ல டிரைவர்ல இருந்து ஓனர் வீட்டம்மா வரைக்கும் இருக்காங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து டையிங் பக்கம் போக அஞ்சு நிமிஷம் ஆகாது. அதுவும் இல்லாம பேசுனவன் ஒருத்தன், பேசாம இருந்தவங்க பத்து பேர், எல்லாரையும் ஒரே மெசேஜ்ல திட்டினா அந்த பத்து பேரும் அந்தப் பக்கம் போயிருவாங்க.

அப்பறம் உக்காந்து பேச்ச ரெண்டா பிரிச்சோம். இந்த முழு கேஸ்லயும் நான் முக்கியம்னு நெனைக்கறது இது தான். கமிஷன்ங்கறது ரேட் சம்பந்தப்பட்டது, பேப்பர வெச்சு காட்ட முடியும், ஒரு ஆபீஸ்ல ரேட் ஏன் கூடுச்சுன்னு கேக்கறது நியாயமான கேள்வியும் கூட. "வேற பழக்கம்"ங்கறது அப்படி இல்ல. அதுக்கு பேப்பர் கிடையாது, அது யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய கேள்வியே கிடையாது. அத மறுக்க உக்காந்தா எத்தன மணிக்குப் போனேன், எத்தன மணிக்கு வந்தேன், வீட்டுக்காரருக்குத் தெரியும்னு ஒரு பொம்பள தன் வாழ்க்கைய விரிச்சு வெக்க வேண்டி வரும், ஒவ்வொரு விளக்கத்துக்கும் இன்னொரு கேள்வி வரும். அதனால முதல் பாதிக்கு கணக்கு காட்டறது, ரெண்டாவது பாதிக்கு விளக்கமே குடுக்காம அது தப்பான நடத்தைன்னு எழுத்துல புகார் வெக்கறது. ரெண்டையும் ஒண்ணா கலந்தா ரெண்டும் கெடும்.

மொதல்ல ஒரு நோட்டுல எழுதச் சொன்னேன். தேதி, எந்த எடம், யாரு, என்ன வார்த்தை, தானே காதால கேட்டதா இல்ல இன்னொருத்தர் வந்து சொன்னதா. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வேண்டாம், சொந்த நோட்டு. எழுதி முடிச்சப்ப அவங்களே அசந்து போனாங்க, பத்து பதினஞ்சு சம்பவம்னு மனசுல இருந்ததுல அவங்க காதாலயே கேட்டது ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணு, அக்கவுன்டன்ட் பேப்ரிக் இன்சார்ஜ்கிட்ட "ரேட்டு மட்டுமா, ராத்திரி கார்ல ஊர்வலமும் உண்டு"ன்னு சொன்னது. மிச்சம் எல்லாம் கேள்விப்பட்டது, நடந்துக்கற விதத்துல இருந்து ஊகிச்சது. ஓனர்கிட்ட போறப்ப அந்த ரெண்டும், பில் தேதிகளும் மட்டும் போதும்னு முடிவு பண்ணோம், ஊகத்த எடுத்துட்டுப் போனா அதுவும் ஒரு வதந்தி தான்.

ஓனரப் பாக்கறதுக்கு முன்னாடி டிரைவர்கிட்ட மட்டும் பேசச் சொன்னேன், அதுவும் குத்தம் சொல்ற மாதிரி இல்லாம. அக்கா போயி, "அண்ணா, அன்னைக்கு நீங்க பாத்தது நெசந்தான், சார் தான் ஷேடு பாத்துட்டு வரச் சொன்னாரு, நம்ம வண்டிய நீங்க ஷிப்மென்ட்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்தீங்க இல்ல"ன்னாங்க. அந்த மனுஷன் முகமே மாறிருச்சு. "ஆமாங்க்கா, நான் திரும்பி வந்து வண்டிய நிறுத்தறப்ப தானுங்க பாத்தேன். கார்ல போனீங்கன்னு மட்டும் தானுங்க சொன்னேன், அவங்க இப்படி திரிப்பாங்கன்னு தெரியாதுங்க"ன்னாரு. அடுத்த வாரம் டீக்கடையில யாரோ ஆரம்பிச்சப்ப அவரே "அட போப்பா, சார் அனுப்புனது"ன்னு வெட்டி விட்டதா க்யூசி பையன் வந்து சொன்னான். நாம பத்து தடவ சொல்றத விட, பாத்த ஆளே ஒரு தடவ சொன்னா அதுக்கு எடை ஜாஸ்தி. யாருகிட்டயாவது பேசணும்னா பரப்புனவன விட்டுட்டு மொத துண்ட நேர்ல பாத்தவங்ககிட்ட பேசுங்க.

ஓனர் மொதல்ல சொன்னது எல்லா ஓனரும் சொல்றது தான். "விடும்மா, நாலு பேர் நாலு விதமா தான் பேசுவாங்க, நான் உன்ன சந்தேகப்படல." இதோட திரும்பி வந்துட்டா காரியம் கெட்டுது, ஏன்னா அவரு சந்தேகப்படலங்கறது மத்த 11 பேருக்குத் தெரியாதே. அக்கா ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துட்டுப் போயிருந்தாங்க, மேல நேவி கணக்கு, 72,000மும் 21,600ம் பக்கத்து பக்கத்துல, கீழ மூணு கோரிக்கை. நூல் சப்ளையர் கேட்டத சொன்னாங்க, "சார், இது என் பேரோட நிக்கல, நாளைக்கு நான் எங்க ரேட் பேசப் போனாலும் நம்ம கம்பெனில கமிஷன் குடுத்தா ஆர்டர் கெடைக்கும்னு நெனச்சு தான் பேசுவாங்க"ன்னாங்க. அந்த எடத்துல தான் ஓனர் நிமிந்து உக்காந்தாரு.

முதல் கோரிக்கை, ஜாப் ஒர்க் ரேட்டுக்கு ஒரு ஷீட். ரெண்டு மெர்ச்சன்டைசருக்கும் ஒரே ஷீட், அக்காவுக்கு மட்டும் இல்ல. கலர், மூணு டையிங்கோட ரேட், யாருக்குக் குடுக்கறோம், ரேட் கூடன்னா ஏன், கடைசி மூணு லாட்ல எத்தன ரீபிராசஸ், ஓனர் கையெழுத்து. அக்கவுன்டன்ட்டுக்கு ஒரு காப்பி. ரெண்டாவது, திங்கக்கிழமை புரொடக்ஷன் மீட்டிங்ல இத ஓனரே சொல்லணும், வதந்திங்கற வார்த்தையே இல்லாம. அவரு சொன்னது இவ்வளவு தான்: "நேவி புது டையிங்குக்கு மாத்துனது என் முடிவு, போன தடவ ஏர்ல அனுப்புனதுல 72,000 போச்சு, ஷேடு பாக்க ராத்திரி ஆனாலும் நான் தான் ஆள் அனுப்பறேன். இனிமே இந்த ஷீட் இல்லாம பில் பாஸ் ஆகாது." "கமிஷன் வாங்கறாங்கன்னு பேசறீங்களாமே, அது பொய்"னு ஆரம்பிச்சிருந்தா எல்லாரும் வீட்டுக்குப் போறப்ப கமிஷன்ங்கற வார்த்தைய தான் கொண்டு போயிருப்பாங்க. திருப்பித் திருப்பி காதுல விழற வாசகம் உண்மை மாதிரியே தோண ஆரம்பிக்கும்னு 1977லயே பரிசோதனை பண்ணிக் காட்டிருக்காங்க, அதனால மறுக்கறதுக்காக கூட அந்தப் பேச்ச திருப்பிச் சொல்லாம, நடந்தத மட்டும் சொல்றது நல்லது.

மூணாவது கோரிக்கை தான் கஷ்டமானது. காருல போனத வெச்சு பேசுனத தப்பான நடத்தைன்னு எழுத்துல புகாரா எடுத்துக்கணும்ங்கறது. பொம்பளைங்க மேல வேலை செய்ற எடத்துல பாலியல் ரீதியா பேசறதும், அத வெச்சு அவங்க வேலை பாக்க முடியாத சூழ்நிலைய உண்டாக்கறதும் வேலை எடத்துல பாலியல் துன்புறுத்தல தடுக்கற 2013 சட்டத்துக்குள்ள வரும். எல்லா வம்பும் வராது, கமிஷன் பேச்சு வராது, இந்த ரெண்டாவது பாதி வர்றதுக்கு எடம் இருக்கு. 10 பேரும் அதுக்கு மேலயும் இருந்தா ஆபீஸ்லயே உள் புகார் குழு இருக்கணும், இல்லன்னா ஓனருக்கு 50,000 வரைக்கும் அபராதம். 10 பேருக்குக் கீழன்னா, இல்ல புகாரே ஓனர் மேலன்னா, மாவட்டத்துல இருக்கற லோக்கல் கமிட்டிக்குப் போகணும். கடைசியா நடந்ததுல இருந்து 3 மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், தகுந்த காரணம் இருந்தா இன்னொரு 3 மாசம் குழு நீட்டலாம்.

இந்த ஆபீஸ்ல பையர் ஆடிட்டுக்காக குழு பேப்பர்ல இருந்துச்சு, தலைவர் யாருன்னு பாத்தா சீனியர் லேடிங்கறதால அக்காவே தான். தன் புகார தானே விசாரிக்க முடியாதே. சின்ன ஆபீஸ்கள்ல நான் அடிக்கடி பாக்கற ஓட்டை இது, ஆடிட் லிஸ்ட்ல டிக் விழுந்துருச்சுன்னு விட்டுருவாங்க, நாளைக்கு அந்த அம்மாவுக்கே ஒண்ணுன்னா யாருன்னு யோசிக்கறதில்ல. ஆபீஸ்ல தகுந்த சீனியர் லேடி இல்லன்னா அதே ஓனரோட இன்னொரு யூனிட்ல இருந்து தலைவர நியமிக்க சட்டத்துல வழி இருக்கு, அவரோட தையல் யூனிட் சூப்பர்வைசர் அம்மாவ நியமிச்சோம், வெளி உறுப்பினரையும் புதுசா போட்டோம்.

போலீஸ்ல அவதூறு புகார் குடுக்கலாமான்னு அக்கா கேட்டாங்க. இப்ப அது பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பிஎன்எஸ் சட்டத்தோட 356வது பிரிவு, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு, ஆனா போலீஸ் நேரா எஃப்ஐஆர் போடற குத்தம் இல்ல, மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல நாமளே தனி புகார் போடணும், இப்படி சொன்னத கேட்டேன்னு சாட்சி சொல்ல ஆள் வேணும். அதே ஆபீஸ்ல சம்பளம் வாங்கறவன் எவன் வருவான். இன்னொண்ணும் இருக்கு, ஒருத்தர் மேல சந்தேகம்னு நல்லெண்ணத்தோட அவங்க மேல அதிகாரம் இருக்கறவங்ககிட்ட போயி சொன்னா அது அவதூறு ஆகாது. அக்கவுன்டன்ட் ரேட் விஷயத்த ஓனர்கிட்ட சொல்லிருந்தா அவரு வேலைய தான் செஞ்சிருப்பாரு. பேப்ரிக் இன்சார்ஜ்கிட்ட கார் ஊர்வலம்னு சொன்னது வேற.

கடைசில அக்கா குழுவுக்குப் போகல. காதால கேட்ட அந்த ரெண்டு சம்பவத்தையும் தேதியோட எழுதி ஓனர்கிட்ட கையெழுத்து வாங்கி ஒரு காப்பி வெச்சுக்கிட்டாங்க, மறுபடி நடந்தா 3 மாசக் கெடுவுக்குள்ள குழுவுக்குப் போவேன்னு அதுலயே எழுதிட்டாங்க. ஓனர் அக்கவுன்டன்ட்டையும் பேப்ரிக் இன்சார்ஜையும் தனித்தனியா கூப்பிட்டாரு, ரேட் பத்தி கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, எங்கிட்ட கேளுங்க, இந்த மாதிரி பேச்சு இன்னொரு தடவ வந்தா எழுத்துல மெமோ வரும்னு சொன்னாரு. ரெண்டு பேரையும் ஒண்ணா கூப்பிட்டிருந்தா வெளிய வந்து ரெண்டு பேரும் கூட்டணி ஆயிருப்பாங்க.

அடங்கிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னா, பேச்சு நின்னத வெச்சு இல்ல. அக்கவுன்டன்ட் அக்காவோட டையிங் பில்ல எக்ஸ்ட்ரா கொட்டேஷன் கேக்காம ஷீட்ட மட்டும் பாத்து மொத தடவையே பாஸ் பண்ணாரு. இன்னொரு மெர்ச்சன்டைசரோட ஒரு பில் ஷீட் இல்லாததால திரும்பி வந்துச்சு. அப்ப தான் ரூல் ரெண்டு பேருக்கும் ஒண்ணாச்சுன்னு எல்லாரும் பாத்தாங்க. க்யூசி பையன் மறுபடி டிபன் பாக்ஸோட வந்து உக்காந்தான். அக்கவுன்டன்ட் மன்னிப்பு கேக்கல, நாங்களும் கேக்க வெக்கல.

நூல் சப்ளையர் விஷயம் மட்டும் இழுத்துச்சு. வெளிய போன பேச்சு ஆபீஸ் மீட்டிங்ல அடங்காது. ஓனரே அடுத்த ஆர்டருக்கு அவருக்கு போன் போட்டு, வேற எதையும் தொடாம, "ரேட்டு நம்ம மேடம்கிட்டயே முடிச்சுக்கங்க, அவங்க சொன்னா நான் சொன்ன மாதிரி"ன்னாரு.

எனக்கு இதுல ஆறாத ஒண்ணு இருக்கு. அக்கா இப்ப டையிங்குக்கு ஷேடு பாக்கத் தனியா போறதில்ல, க்யூசி பையன கூட்டிட்டு தான் போறாங்க, அந்தப் பையனுக்கு அன்னைக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை நிக்குது. இன்னொரு மெர்ச்சன்டைசர் ஆம்பள, அதே டையிங்காரரோட கார்ல அதே ராத்திரி நேரத்துல போயிட்டு தான் வர்றாரு. க்யூசி பையன் போற நேரத்துக்கு மாற்று ஆள் போடணும்னு ஓனர்கிட்ட நான் கேட்டிருக்கேன், அந்தச் செலவ அக்கா கணக்குல எழுதக் கூடாதுன்னும் சேத்தே சொல்லிருக்கேன்.